கதவை எங்கே சாத்துவது?

"நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷார்ஜாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டுக் கணவன் ஊருக்கு வருகிறான். அன்றிரவு அவனும் மனைவியும் அறையில். அந்த ஒரு காட்சி மட்டும் வர மாட்டேன் என்கிறது. எழுதினால் கொச்சையாகிறது, அடக்கினால் பழைய சினிமாவில் விளக்கு அணைகிற மாதிரி ஆகிறது. கதவைச் சாத்தி எழுது என்கிறார்கள். அதை எப்படிச் செய்வது?"

கொச்சையாவதற்கும் சினிமாத்தனமாவதற்கும் காரணம் ஒன்றேதான். அந்த இரவில் இந்த இருவருக்கு இடையே என்ன நடக்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. உடல்கள் நெருங்குவது எல்லார் வீட்டிலும் நடப்பது. அதை மட்டும் விவரித்தால் எந்தக் கதையிலிருந்தும் எந்தக் கதைக்கும் வெட்டி ஒட்டிவிடலாம். ஒன்றோடொன்று உரசும் பூக்களும் அப்படித்தான், யார் கதைக்கும் பொருந்தும். எனவே கையெழுத்துப் பிரதிக்கு வெளியே, தனித்தாளில், ஒரே வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: மாலையில் இவர்களுக்குள் எது எப்படி இருந்தது, காலையில் அது எப்படி மாறியிருக்கிறது. நீங்கள் சொன்ன கதைக்கு நான் எடுத்துக்கொள்ளும் வாக்கியம் இது: "மாலையில் தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவன் காலையில் அந்த வீட்டு ஆளாக இருக்கிறான்." இரண்டு வருடம் அவன் அந்த வீட்டில் போனில் வந்த ஒரு குரல். சமையலறை மாறியிருக்கும், பையன் வளர்ந்திருப்பான், எந்த சுவிட்ச் எதற்கு என்பதே மறந்திருக்கும். அவளோ இதையெல்லாம் தனியாக நடத்திப் பழகியவள். உங்கள் நாவலில் வேறு முடிச்சு இருக்கலாம், அவன் மறைத்த கடன், அவள் சொல்லாத கோபம். எதுவானாலும் ஒன்று போதும். இரண்டு மாற்றங்களை ஒரே இரவில் ஏற்றினால் உரையாடல் நீண்டு, காட்சி பஞ்சாயத்தாகிவிடும்.

அடுத்து, அந்த மாற்றம் கடந்துபோக அறைக்குள் ஒரு பொருள் வேண்டும். மூன்று தகுதிகளைப் பார்த்து எடுங்கள். அந்தப் பொருளுக்கு அன்றாட வேலை ஒன்று இருக்க வேண்டும், அதை யாராவது கையால் தொட்டே ஆக வேண்டும், அதைப் பற்றி இருவரில் ஒருவருக்கு மட்டும் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். நிலாவும் மழையும் மல்லிகையும் இந்தத் தகுதியில் தோற்பதால்தான் அலங்காரமாக நின்றுவிடுகின்றன. நிலாவை வைத்து யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் காட்சியில் கண்ணெதிரே ஒரு பொருள் நிற்கிறது, அறைக் கதவின் தாழ்ப்பாள். கீல் தளர்ந்து கதவு இறங்கிப்போன வீடுகளில் தாழ்ப்பாளின் முனை துளைக்குக் கீழே போய் முட்டும். கதவை ஒரு நூல் அளவு தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் விழும். அந்த வீட்டில் இருப்பவளுக்கு அது தெரியும், இரண்டு வருடம் வெளியே இருந்தவனுக்குத் தெரியாது. எந்த விளக்கமும் இல்லாமல் பிரிவின் நீளம் அந்த இரும்புத்துண்டில் வந்துவிடுகிறது. அவள் உதவி செய்தால் அது சம்மதம். சும்மா நின்றால் அது மறுப்பு.

சைகைகளுக்குத் தமிழிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல். காதல் கொண்டவளின் உடலில் தெரியும் குறிகளை அது படிப்படியாக அடுக்குகிறது. முதல் நிலையில் புகுமுகம் புரிதல், பொறிநுதல் வியர்த்தல், நகுநயம் மறைத்தல், சிதைவு பிறர்க்கு இன்மை. அவன் பார்வை தன்மேல் படுவதை விரும்புகிறாள், நெற்றி வியர்க்கிறது, வருகிற சிரிப்பை மறைக்கிறாள், உள்ளே குலைவது பிறருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறாள். இரண்டாம் நிலையில் கூழை விரித்தல், காதொன்று களைதல், ஊழணி தைவரல், உடை பெயர்த்து உடுத்தல். கூந்தல் அவிழ்கிறது, காதணியில் ஒன்று கழல்கிறது, போட்டிருக்கும் நகையைக் கை தடவுகிறது, உடுத்ததை மறுபடி உடுத்துகிறாள். சில சொற்களுக்கு உரைகளில் விளக்கம் சற்று மாறும். ஆனால் எழுதுபவருக்கு வேண்டிய இரண்டு செய்திகள் அந்த வரிசையிலேயே இருக்கின்றன. ஒன்று, இந்த எட்டில் எதுவும் அடுத்தவரைத் தொடுவதில்லை, எல்லாம் தன் உடம்பிலும் தன் உடையிலும் நடப்பவை. இரண்டு, தானாக நேர்வது முதலில், கை செய்வது பிறகு. வியர்ப்பதை அடக்க முடியாது. கூந்தலை அவிழ்க்கலாம், அவிழ்க்காமலும் இருக்கலாம். இந்த ஏற்றம்தான் காட்சியின் முதுகெலும்பு.

இதை நடைமுறையில் பயன்படுத்தும்போது ஆளுக்கு இரண்டு சைகைக்கு மேல் வேண்டாம் என்பேன். முதலாவது தன்னை அறியாமல் நேர்வது, இரண்டாவது வேறு வேலையைச் சாக்கிட்டுச் செய்வது. ஆணுக்கும் கொடுங்கள். பழைய இலக்கணம் பெரும்பாலும் பெண்ணின் உடலையே பார்க்கிறது. இன்று எழுதும்போது அவள் மட்டும் நெளிய, அவன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வாசகரும் அவன் கண்ணில் போய் உட்கார்ந்துகொள்வார். மென்மை அங்கேயே கெடும். அவனுடைய தயக்கம் எங்கே தெரிகிறது? அறைக்குள் வந்த பிறகும் சட்டைப் பையிலிருந்து போனையும் சாவியையும் எடுத்து வைக்காமல் இருக்கலாம். இன்னும் கிளம்பிப்போகிற ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லாமலே அது சொல்லும். 'வெட்கப்பட்டாள்', 'தலைகுனிந்தாள்', 'உதட்டைக் கடித்தாள்' ஆகிய மூன்றும் சைகைகளாகத் தோன்றினாலும் தேய்ந்துபோய் வெறும் அறிவிப்பாகிவிட்டவை.

தமிழில் எழுதுகிறவருக்கு இன்னொரு கருவி கையிலேயே இருக்கிறது, அழைக்கும் முறை. 'வாங்க, சாப்பிடுங்க, இந்தாங்க' என்று பேசிக்கொண்டிருந்தவள் ஒரே ஒரு இடத்தில் 'தள்ளு' என்று சொன்னால், தொட்டதைவிட அது நெருக்கம். பன்மை விகுதி விழுந்ததை வாசகர் கண் தவறவிடாது, அதற்குமேல் விளக்கவும் தேவையில்லை. ஆனால் இது வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன் வந்த எல்லாப் பேச்சிலும் மரியாதை விகுதி பிசகாமல் இருந்திருக்க வேண்டும். முதல் அத்தியாயம் முதல் அவள் பேச்சை எடுத்து ஒருமுறை சரிபாருங்கள். கணவனை முதலிலிருந்தே 'நீ' என்று அழைக்கும் வீடாக உங்கள் கதை இருந்தால் இந்த வழி உங்களுக்குப் பயன்படாது. அப்போது பேரைச் சொல்லிக் கூப்பிடுவதோ, சிறுவயதுச் செல்லப்பேரோ அந்த இடத்துக்கு வரலாம். வினைகளிலும் கவனம் வேண்டும். 'எழுந்து, வந்து, குனிந்து, தொட்டு' என்று எச்சங்களை அடுக்கினால் நடை ஓடும், அவசரம் தெரியும். அதே செயல்களை முற்றுவினைகளாக நிறுத்தி நிறுத்தி எழுதினால் ஒவ்வொன்றிலும் ஒரு தயக்கம் உட்காரும். காட்சி தொடங்கும்போது ஓடவிட்டு, தாழ்ப்பாள் அருகே வரும்போது நிறுத்துங்கள்.

இனி கதவு. சாத்துவதற்கு மூன்று இடங்கள் உண்டு. அறைக்குள் நுழையும் முன்பே சாத்தலாம், இருவரும் முடிவெடுத்த கணத்துக்குப் பின் சாத்தலாம், தொட்ட பிறகு சாத்தலாம். முதலாவதில் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார், ஏனென்றால் நாடகம் முழுக்க அந்த அறைக்குள் நடக்கும் தயக்கத்தில்தான் இருக்கிறது. மூன்றாவதில், ஆரம்பித்துவிட்டு நிறுத்தியது போல் ஆகி, மறைத்ததையே வாசகர் மனம் துழாவும். அடக்கமாகத் தொடங்கிய காட்சி சபலமாகத் தெரிவது பெரும்பாலும் இங்கேதான். நான் நடு இடத்தையே சொல்வேன், முடிவு தெரிந்து ஒரு மூச்சு கழித்து. முடிவு இருவருடையதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருவர் மட்டும் முடிவெடுத்த கணத்தில் கதவைச் சாத்திவிட்டால், உள்ளே என்ன நடந்தது என்பதை வாசகர் அச்சத்தோடு நிரப்புவார். நீங்கள் அன்பை எழுதினேன் என்று நினைத்திருப்பீர்கள், அவர் வன்முறையை வாசித்திருப்பார். சம்மதம் வாயால் சொல்லப்பட வேண்டியதில்லை, ஆனால் சாத்துவதற்கு முன் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

சாத்தியபின் கண்ணை எங்கே வைப்பது என்பதற்கு, குறுந்தொகையில் கபிலர் பாடிய இருபத்தைந்தாம் பாட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தலைவி பேசுகிறாள். அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு, 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு' என்கிறாள். ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து, தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு ஒரு குருகு நின்றது. அவர்கள் கூடியதைப் பற்றிப் பாட்டில் அதற்குமேல் ஒரு விவரமும் இல்லை. அந்தக் குருகு அவர்களுக்காக அங்கே நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குத் தன் வேலை, தன் பசி. அதனாலேயே அது அலங்காரமாகவில்லை. கவலையும் சேர்ந்துகொள்கிறது, ஒரே சாட்சி அதுதான், அதுவும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த சாட்சி. கதவுக்கு வெளியே நீங்கள் காட்டும் எதற்கும் இப்படி ஒரு சொந்த வேலை இருக்கட்டும். உள்ளே நடப்பதைப் பாவனை செய்யும் எதையும் வைக்காதீர்கள்.

இவ்வளவையும் வைத்து உங்கள் காட்சியை ஒருமுறை எழுதிக் காட்டுகிறேன். பெயரும் வீடும் என் கற்பனை, மாற்றிக்கொள்ளுங்கள்.

அத்தை தூங்கிப்போன பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "இன்னைக்கு இவன் எங்கிட்டப் படுக்கட்டும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் போனும் சாவியும் அப்படியே இருந்தன. செல்வி கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்தாள். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"பால் வேணுமாங்க?"

"வேண்டாம்."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் பாதியில் முட்டி நின்றது. எடுத்துவிட்டு இன்னொரு தடவை தள்ளினான்.

"கதவு எறங்கிப்போச்சு. ராத்திரி பையன் எந்திரிச்சுப் போவான்னு நான் போடுறதே இல்லை."

"நாளைக்கு ஆசாரியைக் கூப்பிடுறேன்."

"அதெல்லாம் வேண்டாம்."

துண்டைக் கட்டிலில் வைத்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக் கதவை ஒரு நூல் தூக்கினாள்.

"இப்பத் தள்ளு."

தாழ்ப்பாள் விழுந்தது. அவள் கைப்பிடியை விடவில்லை. அவனும் நகரவில்லை.

பதினோரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. வழக்கமாக அத்தை செல்வியைக் கூப்பிடுவாள். அன்று கூப்பிடவில்லை. எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு, தானே முதல் குடத்தை வைத்தாள்.

இதில் எது எங்கே வேலை செய்கிறது என்று பார்த்தால், அத்தையின் ஒரு வரி இரவு எப்படிப்பட்டது என்பதை வீடே அறிந்திருப்பதைச் சொல்லிவிடுகிறது. அதனால் அறைக்குள் யாரும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. துண்டை இரண்டாம் முறை மடிப்பது தானாக நேரும் சைகை. கீழே வைப்பது முடிவு. 'நாளைக்கு ஆசாரியைக் கூப்பிடுறேன்' என்பது விருந்தாளி பேச்சு, பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்கிற வெளிநாட்டுப் பழக்கமும் அதில் இருக்கிறது. அவள் அதை மறுத்து, வீட்டுப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். 'தள்ளு' வருகிற இடம் ஒன்றே ஒன்று, அதற்குச் சற்று முன்தான் 'வேணுமாங்க' இருக்கிறது. கைப்பிடியை விடாத வாக்கியத்தோடு கதவு சாத்தியாகிவிட்டது. அதற்குமேல் ஒரு வரி கூட்டினாலும் குறையும்.

தண்ணீர்க் குடத்தில் எனக்கே ஒரு சிறு தயக்கம் உண்டு. நிரம்பும் குடம் என்று நீட்டினால் அது உடனே சின்னமாகிவிடும், சினிமாப் பூக்களின் பக்கத்தில் போய் உட்காரும். அதனால்தான் குடத்தை வைத்ததோடு நிறுத்தியிருக்கிறேன், நிரம்புவதைச் சொல்லவில்லை. அங்கே முக்கியம் தண்ணீரல்ல, மருமகளைக் கூப்பிடாமல் இருந்த மாமியாரின் பெருந்தன்மை. உங்கள் ஊரில் தண்ணீர் காலையில் வருமென்றால் இதை அப்படியே எடுக்காதீர்கள். கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரோ, மாவாட்டும் சத்தமோ, அந்தத் தெருவில் அந்த நேரத்தில் உண்மையில் நடப்பது எதுவோ அதைத் தேடுங்கள்.

காலைக்கு அதிகம் வேண்டாம், நாலைந்து வரி. ஈரக் கூந்தல், கலைந்த குங்குமம், சமையலறையில் தனியாகச் சிரிப்பது, இவை மூன்றும் வாசகரிடம் 'நடந்தது' என்று கையெழுத்து வாங்கும் வேலை மட்டுமே செய்கின்றன. நடந்தது அவருக்கு ஏற்கெனவே தெரியும். காலை காட்ட வேண்டியது, தனித்தாளில் எழுதிய அந்த மாற்றத்தை. பையன் விடிந்ததும் வந்து கதவைத் தள்ளுகிறான், திறக்கவில்லை. அது பூட்டியிருந்து அவன் பார்த்ததே இல்லை, தட்டுகிறான். உள்ளிருந்து அப்பா எழுந்து வருகிறார். கதவை ஒரு நூல் தூக்கி, தாழ்ப்பாளை இழுக்கிறார், யாரையும் கேட்காமல். தாழ்ப்பாள் மூன்றாவது முறையாக வருகிறது. முதல்முறை அவனுக்குத் தெரியாதது, இரண்டாம் முறை அவள் சொல்லிக்கொடுத்தது, இப்போது அவன் கைக்கே வந்துவிட்டது. அத்தியாயம் அங்கே முடியலாம்.

அளவைப் பொறுத்தவரை, சாத்தும் வரை இருநூறு முதல் முந்நூறு சொற்கள், சாத்திய பின் வெளியே முப்பது, காலையில் ஐம்பது என்பது என் கணக்கு. இது விதியல்ல, பழக்கம் தந்த மதிப்பீடு. நாவலில் இவர்களின் பிரிவுக்கு எத்தனை அத்தியாயம் கொடுத்திருக்கிறீர்களோ அதற்கேற்பக் கூடலாம். கூட்டுவதானால் தயக்கத்தில் கூட்டுங்கள், கதவுக்குப் பின் கூட்டாதீர்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனைகள். ஒன்று, காட்சியில் உள்ள காதல், ஆசை, மோகம், தாகம், இன்பம், வெட்கம், ஏக்கம், தவிப்பு என்ற சொற்களையெல்லாம் அடித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். மீதி தானாக நின்றால் அவை வேண்டாத சொற்கள், அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். மீதி சரிந்தால், சைகையும் பொருளும் போதவில்லை என்று அர்த்தம், சொற்களைத் திருப்பிப் போட்டு ஒட்டுப்போடாமல் பொருளை மாற்றுங்கள். 'போல', 'போன்ற' எத்தனை என்றும் எண்ணுங்கள். மேலே உள்ள மாதிரியில் ஒன்றுகூட இல்லை, உங்களுடையதில் ஒன்று இருக்கலாம்.

இரண்டாவது, கதையை முன்பு வாசிக்காத இருவரிடம், ஒரு ஆண், ஒரு பெண், இந்த இரண்டு பக்கத்தை மட்டும் கொடுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்பார்கள். 'கதவுக்குப் பின் என்ன நடந்தது? அதை யார் விரும்பினார்கள்?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் குழப்பமான பதில் வந்தால் நீங்கள் அளவுக்கு மீறி மறைத்துவிட்டீர்கள், அத்தையின் வரி போன்ற ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இரண்டாவதற்கு 'அவன்' என்று மட்டும் பதில் வந்தால் சைகைகளின் வரிசையைத் திறந்து, கடைசிச் செயலை அவளுக்குக் கொடுங்கள். பெண் ஒரு பதிலும் ஆண் வேறு பதிலும் சொன்னால் பெண் சொன்னதை முதலில் எடுத்துக்கொண்டு திருத்துங்கள். இந்தக் காட்சியில் சம்மதம் தெரியாமல் போவதை அவர்களே பெரும்பாலும் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கிருந்து என்னால் தீர்க்க முடியாது. உங்கள் செல்வி, அவள் பெயர் எதுவானாலும், இந்த இரண்டு வருடத்தில் அவன்மேல் கோபமாக இருந்தாளா என்பது. இருந்திருந்தால், 'இப்பத் தள்ளு' அவ்வளவு சீக்கிரம் வராது. தாழ்ப்பாள் அவன் கையில் இரண்டு தடவை முட்டுவதை அவள் துண்டை மடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது, நான்காவது தடவையும் அவன் தள்ளட்டும். எழுந்து வருவதற்கு முன் அவள் சொல்ல வேண்டிய ஒரு வரி இருக்கும். அந்த வரியை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பின் காட்சிக்கு வாருங்கள்.